இரண்டு மணி: திருப்பவில்லை

அம்மாவின் கட்டில் காலடியில் ஒரு பரீட்சை அட்டை தொங்கும். அதன் கிளிப்பில் நாளுக்கு இரண்டு தாள்கள், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்துபோன அம்மாவைத் திருச்சிக்குப் பக்கத்திலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை போனவுடன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அந்தத் தாள்களைத்தான் பார்ப்பேன். குளிப்பாட்டியது, டிக். வாய் சுத்தம் செய்தது, டிக். பத்துத் தடவை குடிக்கக் கொடுத்தது, பத்து டிக். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தது, ஐந்து டிக். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. பார்த்துவிட்டு மூச்சு விடுவேன்.

அந்த மூச்சுக்குக் காரணம் உண்டு. அம்மாவை இல்லத்தில் விட்டதைப் பற்றி என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. கல்லூரியில், தெருவில், கல்யாண வீட்டுப் பந்தியில். "பொண்ணு இருந்துமா?" என்பார்கள். என் அண்ணனிடம் யாரும் "பையன் இருந்துமா?" என்று கேட்டதில்லை. மகன் அம்மாவை இல்லத்தில் சேர்த்தால் அது ஏற்பாடு. மகள் சேர்த்தால் அது கைவிடல். அந்த வழக்கில் எனக்காக வாதாடிய ஒரே வக்கீல் அந்த டிக்குகள்தான்.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்று பல வருஷங்களாகப் பாடம் நடத்துகிறவள். ஆனால் அந்தத் தாளை நான் வாசிக்கவே இல்லை என்று புரியவைத்தவர், பத்தாம் வகுப்போடு நின்று, ஆறு மாத ஹோம் நர்சிங் பயிற்சி முடித்து, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஓர் அக்கா. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அக்கா என்றே எழுதுகிறேன்.

*

முதலில் அந்தத் தாள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அம்மா சேர்ந்த அன்று இல்லத்தின் சிஸ்டரும் வாரம் ஒருமுறை வந்து போகும் மருத்துவரும் உட்கார்ந்து அம்மாவுக்கென்று ஒரு திட்டம் எழுதினார்கள். கேர் பிளான் என்கிறார்கள். அம்மாவால் எது முடியும், எது முடியாது, எதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்பது அதில் இருக்கும். தினசரித் தாள் அதிலிருந்துதான் வருகிறது. திட்டம் ஒரு தடவை எழுதுவது. தாள் ஒவ்வொரு நாளும் எழுதுவது. திட்டத்தை மாற்ற வேண்டுமா என்று மருத்துவருக்குச் சொல்லக்கூடியது தாள் ஒன்றுதான்.

அம்மாவின் திட்டத்தில் இருந்தவை எல்லாம் பார்ப்பதற்குச் சின்ன வேலைகள். தூக்கும்போது இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். சாப்பாடு கொடுக்கும்போது நேராக உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னக் கரண்டியில், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். முடிந்ததும் இடது கன்னத்துக்குள் பார்க்க வேண்டும். உணர்ச்சியில்லாத அந்தப் பக்கத்தில் சோறு தங்கிவிடும், அம்மாவுக்கே தெரியாது. படுத்ததும் அது மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா. அதனால் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. இரவில் வலம், மல்லாக்க, இடம் என்று முறை வைத்துத் திருப்ப வேண்டும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை.

இதையெல்லாம் எல்லாரும் செய்தார்கள், செய்யாமலும் விட்டார்கள். தாளில் ஒரே மாதிரிதான் தெரிந்தது. அக்கா அந்த மாடிக்கு மாற்றலாகி வந்த வாரம், தாள் திடீரென்று எனக்கு அழுக்காகத் தெரிந்தது. டிக் இருக்க வேண்டிய கட்டங்களில் கிறுக்கல், எண்கள், பாதி வாக்கியங்கள். "மதியம்: சோறு பாதி. இடது கன்னத்தில் தங்கியிருந்தது, எடுத்தேன்." "மாத்திரை 8 மணி: ஒன்றைத் துப்பினார். சிஸ்டரிடம் சொன்னேன்." ஓர் இடத்தில் ஒரு வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அடித்த வரியும் படிக்கும்படி இருந்தது. நான் கொஞ்சம் முகம் சுளித்துத்தான் கேட்டேன், "ஒயிட்னர் போட்டுத் திருத்தியிருக்கலாமேக்கா?"

"ஒயிட்னர் போட்டா அடியில என்ன இருந்துச்சுன்னு அடுத்தவங்களுக்குத் தெரியாதுல்ல டீச்சர். தப்பா எழுதுனதும் தெரியணும்."

பதிப்பாசிரியர்கள் சுவடிகளைப் பற்றிச் சொல்வதை நான் வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன். சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்று காட்டு, உன் ஊகத்தை மூலம்போல உள்ளே நுழைக்காதே. அம்மாவின் கட்டில் காலடியில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

*

அக்கா எழுதியதில் முதலில் எனக்குப் பிடிபட்டது தண்ணீர்க் கணக்கு. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், அதாவது 1,500 மில்லி, உள்ளே போக வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். இல்லத்து டம்ளர் 150 மில்லி. பழைய தாள்களில் பத்து டம்ளர், பத்து டிக், 1,500. தினமும் சரியாக 1,500. அக்காவின் தாளில் ஒருநாள் கணக்கு இப்படி இருந்தது: காலை காபி 150, தண்ணீர் 40, மோர் 150, தண்ணீர் 60, ரசம் 80, இளநீர் 150, டீ 150, தண்ணீர் 30, இரவு பால் 100, மாத்திரையோடு 50. கூட்டினால் 960.

நான் பதறிப்போனேன். நேற்றுவரை ஒன்றரை லிட்டர் குடித்த அம்மா இன்று ஏன் ஒரு லிட்டர்கூடக் குடிக்கவில்லை?

"நேத்தும் இவ்வளவுதான் குடிச்சிருப்பாங்க டீச்சர். கொடுத்ததை எழுதிருக்காங்க. நான் டம்ளர்ல மிச்சம் இருக்கறதைக் கழிச்சிட்டு எழுதுறேன்."

வித்தியாசம் அவ்வளவுதான். பழைய தாளில் அந்தப் பத்தியின் தலைப்பே "கொடுக்கப்பட்டது" என்றுதான் அச்சாகியிருந்தது. செயப்பாட்டுவினை. யார் கொடுத்தார்கள் என்பது அதில் இல்லை, யார் குடித்தார்கள் என்பதும் இல்லை. டம்ளர் மேஜைக்கு வந்தால் போதும், அந்த வினை முடிந்துவிடும். அக்கா அந்தச் சொல்லை அடித்துவிட்டு "குடித்தது" என்று எழுதியிருந்தார். எழுவாய் அம்மாவிடம் வந்துவிட்டது.

அந்தத் தாளை மறுபடி பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. வெறும் தண்ணீராகக் கொடுத்த மூன்று டம்ளரில், 450 மில்லியில், அம்மா குடித்தது 130 தான். மோரும் இளநீரும் டீயும் முழு டம்ளர் போயிருந்தன. மாலைக்கு மேல் எதுவும் முழுதாகப் போகவில்லை. அம்மாவிடம் கேட்டேன். முதலில் தாகமில்லை என்றார். அப்புறம் மெல்லச் சொன்னார், "ராத்திரி அந்தப் புள்ளைய எழுப்பணுமே." டயப்பரை நனைத்துவிடக் கூடாது என்று அம்மா தண்ணீரைக் குறைத்திருக்கிறார். முப்பது வருஷம் கழிப்பறை இல்லாத ஆரம்பப் பள்ளிகளில் வேலை பார்த்தவர். காலையில் கிளம்பும்போது குடிக்கும் காபியோடு சரி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார். அந்தப் பழக்கம் கட்டிலிலும் கூடவே வந்திருந்தது. முந்தைய மாதம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலும் பிதற்றலுமாக ஓர் இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். தினமும் 1,500 என்று தாள் சொல்லிக்கொண்டிருந்ததால் தண்ணீர் போதவில்லையோ என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த வாரம் மருத்துவர் அக்காவின் தாளைப் பார்த்துத் திட்டத்தை மாற்றினார். தண்ணீர் வேளைகளில் மோர் அல்லது நீர்த்த கஞ்சி. சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்ததால் இளநீருக்கும் தடையில்லை. பெரும்பகுதியைச் சாயங்காலம் ஐந்துக்குள் கொடுத்து முடித்துவிடுவது. பத்து நாளில் கணக்கு 1,300-ஐத் தாண்டியது. 1,500 ஆகவில்லை. ஆகவில்லை என்றே தாள் சொன்னது.

*

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இல்லத்தில் வேலை முறை பன்னிரண்டு மணி நேரம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரவில் அந்த மாடியில் பதினான்கு பேருக்கு ஒரே ஆள். பதினான்கில் ஐந்து பேர் தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். இரவு 10, 12, 2, 4, 6 என்று ஐந்து சுற்று. ஒருவரைத் திருப்பி, டயப்பர் பார்த்து, ஈரமானால் மாற்றி, துணிச் சுருக்கத்தை நீவி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கக் குறைந்தது பன்னிரண்டு நிமிஷம் ஆகும். ஐந்து பேருக்கு ஒரு மணி நேரம். மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில் மற்ற ஒன்பது பேரின் மணியடிப்பு, பாத்ரூம், பயம், இருமல். அதோடு, கனமான ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். இடுப்புக்கு அடியில் விரித்திருக்கும் துணியை இரு பக்கமும் பிடித்துத் தூக்கித் திருப்ப வேண்டும். தனி ஆளாக இழுத்தால் மேல்தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்சதை நகரும். படுக்கைப்புண்ணுக்கு அழுத்தம் மட்டுமல்ல, இந்த இழுப்பும் காரணம்.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அக்கா எனக்குப் போன் செய்தார். அம்மாவின் முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, ஒரு இடம் சரியில்லை என்றார். நான் முதல் வகுப்பை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

எனக்குக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது. விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காவிட்டால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. அது வெள்ளைத் தோலுக்கு எழுதிய பாடம். அம்மாவின் கறுப்புத் தோலில் சிவப்பு தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அக்கா புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். அந்த இடம் சுற்றியிருந்த தோலைவிடச் சூடாக இருந்தது. தொட்டால் கொஞ்சம் கெட்டி. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, சுற்றுத்தோலைவிடக் கறுத்து, ஊதா ஓடியது. தோல் கிழியவில்லை. தொட்டதும் அம்மா முகத்தைச் சுருக்கினார். குளிப்பாட்டும்போது கண்ணால் மட்டும் பார்க்கிறவர்கள் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் இரவுத் தாளை எடுத்தேன். அக்கா எழுதியிருந்தது இது:

"10: இடம். 12: மல்லாக்க. 2: திருப்பவில்லை. 1.40க்கு வேறு அறையில் ஒருவர் விழுந்தார், ஆம்புலன்ஸ் போகும்வரை அங்கே இருந்தேன். தனி ஆள். 4.40: வலம் திருப்பினேன். 6: முதுகடியில் கறுப்பு, சூடு, கெட்டி, 3 செ.மீ. தோல் கிழியவில்லை. சிஸ்டருக்கு 6.10க்குச் சொன்னேன். மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டாம்."

பன்னிரண்டிலிருந்து நாலே முக்கால்வரை என் அம்மா அசையாமல் மல்லாக்கக் கிடந்திருக்கிறார். நான் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். "ஒரு தடவை திருப்பி விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?" அக்கா பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து, புடவையில் வேறு யாருடைய ரத்தமோ காய்ந்திருக்க, நின்றுகொண்டிருந்தார். விழுந்த பெரியவரை இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம் என்று தூக்காமல், அசையவிடாமல், தலையைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தார் என்பதை வாட்ச்மேன் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். அவர் பெயரை அம்மாவின் தாளில் அக்கா எழுதவில்லை. ஒருவர் விஷயம் இன்னொருவர் தாளில் இருக்கக் கூடாதாம்.

எட்டு மணிக்கு மேலாளர் வந்தார். தாளைப் படித்தார். என் எதிரிலேயே அக்காவிடம், "இப்படியா எழுதுவாங்க? புதுத் தாள் போட்டு ஒழுங்கா ஃபில் பண்ணிட்டுப் போங்க" என்றார்.

"பண்ணாததைப் பண்ணுனேன்னு எழுத முடியாது சார்."

"மத்தவங்க எல்லாம் எழுதலையா?"

"அவங்க எழுதுறது எனக்குத் தெரியாது சார். ரெண்டு மணிக்குத் திருப்பலை. திருப்பிருந்தா இந்த இடம் எப்படி வந்துச்சுன்னு டாக்டர் வேற நோயைத் தேடுவாரு."

*

வீட்டுக்கு வந்து அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் போய், முந்தைய ஆறு வாரத்து இரவுத் தாள்களைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். வாசிப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் நினைவு வந்தது.

அக்கா வேலையில் இல்லாத இரவுகளில் நேரங்கள் எல்லாம் 10, 12, 2, 4, 6. ஒரு நாளும் 2.10 இல்லை, 4.25 இல்லை. பதினான்கு பேரைத் தனியாகப் பார்க்கும் ஒரு பெண்ணின் இரவு கடிகார முள்ளைப் பிடித்துக்கொண்டு நடக்காது. ஐந்து டிக்குகளும் ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை. எந்தப் பக்கம் என்பது இல்லை. அம்மா மறுத்ததாகவோ அழுததாகவோ ஓர் இரவும் இல்லை. இவையெல்லாம் சந்தேகங்கள்தான். சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒன்றும் இருந்தது. சிறுநீர்த் தொற்றுக்காக அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த இரவின் தாள். நான் அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இரவு. அன்றைக்கும் ஐந்து டிக்குகள் இருந்தன. காலியான கட்டிலை அவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்திருந்தார்கள்.

அந்தப் புண் அக்காவின் இரவில்தான் தொடங்கியது என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் பிறகு விளக்கினார். உள்ளே சதையில் ஏற்பட்ட சேதம் தோலில் தெரிய ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். எந்த இரவு என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் மற்ற இரவுகளில் என்ன நடந்தது என்பதற்குப் பதிவே இல்லை, டிக்குகள்தான் இருக்கின்றன. பதிவு இருந்த ஒரே இரவுக்காக ஒரே ஒருத்தி நிறுத்திக் கேட்கப்பட்டாள். கேட்டவர்களில் முதல் ஆள் நான்.

டிக் போட்ட பெண்கள்மீதும் எனக்குக் கோபம் நிற்கவில்லை. அவர்களுக்கு மாலையில் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. அதில் ஒரு மனுஷியால் முடியாத வேலை முடிந்ததாகக் காட்ட வேண்டும். காட்டினால் சம்பளம், காட்டாவிட்டால் திட்டு. எனக்கு அந்த நிலைமை தெரியும். எங்கள் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருவதற்கு முந்தைய மாதம், நடக்காத கூட்டங்களுக்கு நாங்கள் நடவடிக்கைக் குறிப்பு எழுதினோம். வெவ்வேறு பேனாக்கள் மாற்றி மாற்றி எழுதும் அளவுக்கு எங்களுக்குப் படிப்பு இருந்தது. பெண்கள் குறைதீர் குழுவின் மூன்று கூட்டங்களுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு குறையும் வரவில்லை என்று எழுதினோம். கூட்டமே நடக்காதபோது குறை எங்கிருந்து வரும்? அந்தக் கோப்பில் ஒரு கட்டமும் காலியில்லை.

1859இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய நர்சிங் குறிப்புகளில் படுக்கைப்புண் பற்றி ஓர் இடம் வருகிறது. நோயாளிக்குப் படுக்கைப்புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்கிறார். ஆனால் அடுத்தே, எப்போதும் நர்சைத்தான் குற்றம் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கட்டடமும் சுகாதாரமும் நிர்வாக ஏற்பாடும் மோசமாக இருந்தால் பராமரிப்பதே முடியாமல் போகும் என்றும் சொல்கிறார். முதல் பாதியை மேலாளர்கள் படிக்காமலே கற்றுவைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதிக்கு ஆதாரம் வேண்டுமென்றால் அதைக் கவனிப்பவள் எழுதினால்தான் உண்டு. "2: திருப்பவில்லை. தனி ஆள்." இந்த நான்கு சொற்களுக்குள் பதினான்கு பேருக்கு ஒரே ஆள் என்ற இல்லத்தின் ஏற்பாடு முழுவதும் இருக்கிறது. ஒரு டிக் அதை மறைத்துவிடும். டிக் யாரைக் காப்பாற்றுகிறது என்று யோசித்தால், அதைப் போட்ட பெண்ணை அல்ல. அவள் அடுத்த இரவும் தனியாகத்தான் நிற்பாள்.

என் அப்பாவைப் பெற்ற ஆத்தாவை அம்மா ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்பும், வந்த பின்பும், ராத்திரியும். எத்தனை தடவை எழுந்தார், எத்தனை துணி அலசினார் என்று ஒரு சீட்டும் கிடையாது. ஆத்தா இறந்தபோது "பையன் நல்லா பாத்துக்கிட்டான்" என்றார்கள். வீட்டில் பெண் செய்தால் எழுத்தே இல்லை. கூலிக்குச் செய்தால் எழுத்து உண்டு, ஆனால் பெரும்பாலும் அவளைப் பிடிப்பதற்காக. அக்கா எழுதியது இரண்டிலும் சேரவில்லை. அது அம்மாவுக்காக எழுதியது, அடுத்து வேலைக்கு வரும் பெண்ணுக்காகவும் எழுதியது.

*

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர், அம்மாவப் பத்துன பயத்துல பேசுனீங்க" என்றார். அதோடு அவர் நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்திக்கொள்ள முடியாது என்று தோன்றியது. அந்த மாடியிலிருந்த மற்ற எட்டுக் குடும்பங்களின் எண்களைத் தேடிப் பேசினேன். போனை எடுத்தவர்கள் ஏழு பேர் பெண்கள். மகள், மருமகள், தங்கை. அக்காவின் பெயரை வெளியே கொண்டுவராமல், ஆஸ்பத்திரி இரவுத் தாளையும் என் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரிமையாளரிடம் காட்டினோம். இரவுக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்றோம். ஒன்றரை மாதம் இழுத்து, இரவு பத்து முதல் ஆறுவரை இன்னொரு பெண்ணைப் போட்டார்கள். மாதக் கட்டணத்தில் ஆயிரத்து ஐந்நூறு கூடியது. அக்காவின் சம்பளம் கூடவில்லை. பழைய மேலாளர்தான் இன்னும் இருக்கிறார். வெற்றி என்று சொல்லமாட்டேன்.

அச்சடித்த தாளில் ஒன்று மாறியது. "கொடுக்கப்பட்டது" போய்விட்டது. திருப்பும் கட்டத்தில் நேரம், பக்கம், செய்தவர் என்று மூன்று இடம் இருக்கிறது. "செய்ய முடியவில்லை, காரணம்" என்று ஒரு வரி தனியாக விட்டிருக்கிறார்கள். அந்த வரிக்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது.

அம்மாவின் அந்த இடத்தின்மீது எடை விழாமல் பதினாறு நாள் பார்த்துக்கொண்டார்கள். முழுக்கப் பக்கவாட்டிலும் வைக்கவில்லை, இடுப்பெலும்பு குத்தும் என்று. முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். கறுத்த இடத்தைத் தேய்த்துவிடட்டுமா என்று கேட்ட என்னைத் தடுத்தது அக்காதான். தேய்த்தால் உள்ளே நைந்துபோன சதை இன்னும் நையும். காற்று மெத்தை வாங்கிக் கொடுத்தேன். அது வந்தாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது என்று தாளின் மேலேயே எழுதி வைத்தார். சூடு முதலில் போயிற்று, பிறகு கெட்டி, கடைசியில் நிறம். தோல் கிழியாமலே ஆறிவிட்டது. ஒரு வாரம் தள்ளித் தெரிந்திருந்தால் குழியாகியிருக்கும், அம்மாவின் வயதில் அது மூட மாதக்கணக்காகும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போனால் முதலில் தாளைத்தான் எடுக்கிறேன். ஒரு கட்டமும் காலியில்லாத தாள் வந்தால் அம்மாவின் முதுகைத் தொட்டுப் பார்க்கிறேன். போன வாரத்துத் தாளில், இரவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சின்னப் பெண் எழுதியிருந்தாள்: "4.15: வலம். பாட்டி முழித்திருந்தார். தண்ணீர் கேட்டார். 100 குடித்தார்."

அம்மா ராத்திரியில் தண்ணீர் கேட்டிருக்கிறார்.